ஏழரை

நான் ஓசூர் சிப்காட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். வண்டி பாகங்களை அளந்து பார்த்து ஓகே, ரிஜெக்ட் என்று பிரிப்பது என் வேலை. சாயங்காலம் பாகலூர் ரோட்டில் ஒரு மாடி அறையில் இன்ஜினியரிங் பசங்களுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். பெரும்பாலும் அரியர் வைத்தவர்கள்தான் வருவார்கள். ஸ்காலர்ஷிப் தக்கவைக்க வருகிறவர்கள் சிலர். இந்தக் கட்டுரை அந்தச் சிலரைப் பற்றியது. குறிப்பாக ஒரு பெண்ணைப் பற்றியது. அவளுக்கு நான் கொடுத்த ஒரு தப்பான யோசனையைப் பற்றியதும்தான்.

எங்கள் தொழிலில் டிராயிங்கில் ஒரு அளவு எழுதினால் பக்கத்தில் டாலரன்ஸ் எழுதியே ஆக வேண்டும். 7.5 மில்லிமீட்டர் என்று மட்டும் எழுதி ஒரு டிராயிங் வந்தால், எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்று கேட்டுத் திருப்பி அனுப்புவோம். எதை வைத்து அளப்பது என்றும் கேட்போம். ஸ்கேலில் அளந்தால் ஓகே ஆகும் பாகம் மைக்ரோமீட்டரில் ரிஜெக்ட் ஆகும். ஒரு போல்ட்டுக்கு இவ்வளவு கேள்வி கேட்கிற ஊரில், ஒரு பிள்ளையின் படிப்புக்கு வெறுமனே “7.5” என்று எழுதி ஒரு ஃபார்ம் வருகிறது. யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

அந்தப் பெண் தளி பக்கம். அப்பா ரோஜா பசுமைக்குடிலில் கூலி. ஏழாவது வரை பக்கத்தில் இருந்த மெட்ரிக் பள்ளி, அதன்பிறகு அரசுப் பள்ளி. இந்த விவரம் முக்கியம். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை முழுக்க அரசுப் பள்ளியில் படித்திருந்தால், 2021இல் வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் சேர்ந்து, கட்டணம் முழுவதையும் அரசே கட்டியிருக்கும். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாயும் வந்திருக்கும். அவளுக்கு ஆறாவதும் ஏழாவதும் குறுக்கே வந்துவிட்டன. கடன் வாங்கி மெட்ரிக்கில் போட்ட அந்த இரண்டு வருஷத்தை நினைத்து அவள் அப்பா இன்னும் புலம்புவார். கடைசியில் ஒரு தனியார் அறக்கட்டளை வருஷம் நாற்பத்தைந்தாயிரம் கொடுக்க முன்வந்தது. நிபந்தனை இரண்டு: அரியர் இருக்கக் கூடாது, “முதலாம் ஆண்டு சராசரி 7.5”. ஏழரை பிடிப்பது என்று நம்மூரில் சனிக்குத்தான் சொல்வார்கள். அவளுக்குப் பிடித்தது இது.

மெக்கானிக்கல். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி, ரெகுலேஷன் 2021. முதல் செமஸ்டர் எல்லா பிராஞ்சுக்கும் பொது, 22 கிரெடிட். இரண்டாவது செமஸ்டர் மெக்கானிக்கலுக்கு 23. ஆக வருஷத்துக்கு 45. கிரேடு என்றால் அதிகபட்சம் 10 புள்ளி, அடுத்தடுத்து 9, 8, 7, 6, 5. ஒவ்வொரு பேப்பரின் புள்ளியையும் அதன் கிரெடிட்டால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுத்தால் வருவதுதான் சராசரி. 45ஐ 7.5ஆல் பெருக்கினால் 337.5. வருஷத்துக்கு அவள் சேர்க்க வேண்டியது அவ்வளவு.

முதல் செமஸ்டரில் எல்லாப் பேப்பருக்கும் ஒரே எடை இல்லை. மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ் 4 கிரெடிட். ஆங்கிலம், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பைத்தான் தலா 3. பைத்தான் லேப், பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி லேப் தலா 2. ஆங்கில லேப் 1. தமிழர் மரபு 1. எது சுலபமாக மதிப்பெண் தரும் என்று எந்த சீனியரைக் கேட்டாலும் லேப், தமிழர் மரபு என்றுதான் சொல்வார். லேப் மதிப்பெண்ணில் 60 சதவீதம் கல்லூரிக்குள்ளேயே போடுவது; ரெக்கார்டு ஒழுங்காக எழுதி, கிளாஸுக்குப் போனால் வந்துவிடும். தியரியில் உள்மதிப்பீடு 40தான், மீதி 60 பல்கலைக்கழகத் தேர்வு. ஆனால் கையில் வருகிற சுலபமெல்லாம் எடையில் சின்னது. தமிழர் மரபில் ஒன்பதைப் பத்தாக்கினால் ஒரு புள்ளி கூடும். கணக்கில் ஆறை ஏழாக்கினால் நான்கு புள்ளி.

அவள் முதல் செமஸ்டரில் எடுத்தது இது. கணக்கு 6, பிசிக்ஸ் 6, கெமிஸ்ட்ரி 7, பைத்தான் 7, ஆங்கிலம் 8, தமிழர் மரபு 10, மூன்று லேபிலும் 9. கிரெடிட்டோடு பெருக்கிக் கூட்டினால் 163. சராசரி 7.41. “பரவால்லண்ணா, அடுத்த செம்ல புடிச்சிடலாம்ல?” என்று கேட்டாள். பிடிக்கலாம்தான். 337.5இலிருந்து 163 போனால் மீதி 174.5. இரண்டாவது செமஸ்டரில் 7.59 வந்தால் போதும். பெரிய மலை ஒன்றுமில்லை.

நான் உட்கார்ந்து பிளான் போட்டுக் கொடுத்தேன். இரண்டாவது செமஸ்டரின் 23 கிரெடிட்டில் சுலபம் என்று சொல்லக்கூடியது 9: ஆங்கிலம் 2, தமிழரும் தொழில்நுட்பமும் 1, மூன்று லேப் தலா 2. கடினம் 14: கணக்கு 4, இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் 4, மெட்டீரியல் சயின்ஸ் 3, பேசிக் எலக்ட்ரிகல் 3. சுலபத்தில் 80 புள்ளி வந்துவிடும் என்று கணக்கு வைத்தேன்: தமிழ் 10, ஆங்கிலம் 8, லேபில் 9, 9, 9. மீதி 94.5 கடினமான 14 கிரெடிட்டிலிருந்து வர வேண்டும். அதாவது சராசரி 6.75, மூன்று பேப்பரில் ஏழும் ஒன்றில் ஆறும் எடுத்தால் ஏறக்குறைய சரி. “லேப்ல ஒன்பது போதும்மா, பத்துக்கு ரெக்கார்ட அழகுபடுத்திட்டு உக்காராத. அந்த நேரத்துல கிராஃபிக்ஸ் போடு” என்று நானே சொன்னேன்.

அவளும் அதையே செய்தாள். கிராஃபிக்ஸ் 7, மெட்டீரியல் சயின்ஸ் 7, எலக்ட்ரிகல் 7, கணக்கு மறுபடி 6. கடினத்தில் 94, சுலபத்தில் 80. இரண்டாவது செமஸ்டர் 174 புள்ளி. வருஷத்துக்கு 337.

அரைப் புள்ளி குறைந்தது. 45ஆல் வகுத்தால் 7.49. ஒரே ஒரு லேபில் ஒன்பது பத்தாகியிருந்தால் 339 வந்து தாண்டியிருப்பாள். நான் வேண்டாம் என்று சொன்ன அந்த ரெக்கார்டு. அந்தக் குற்ற உணர்வு எனக்கு உண்டு, மறைக்கவில்லை. ஆனால் அதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. அந்த வருஷம் அவள் கற்ற எதுவுமே இந்த முடிவைத் தீர்மானிக்கவில்லை. ஒரு லேப் ரெக்கார்டின் மார்ஜின் தீர்மானித்தது.

அந்த ஃபார்மில் “சராசரி” என்று மட்டும்தான் இருந்தது. எந்தச் சராசரி? இரண்டு செமஸ்டரையும் கிரெடிட்டோடு சேர்த்தால் 7.49, ரிஜெக்ட். கடைசி செமஸ்டரை மட்டும் பார்த்தால் 174ஐ 23ஆல் வகுத்து 7.57, பாஸ். ஒவ்வொரு செமஸ்டரிலும் தனித்தனியாக 7.5 வேண்டும் என்றால், அவள் ஜனவரியிலேயே 7.41இல் தோற்றுவிட்டாள், இரண்டாவது செமஸ்டரில் விடியவிடியப் படித்ததெல்லாம் வீண். ஒரு தசமத்துக்கு முழுமைப்படுத்தினால் 7.49 என்பது 7.5, பாஸ். ஒரே பிள்ளை, ஒரே மார்க் ஷீட், நாலு அளவு கருவி, இரண்டு பாஸ், இரண்டு ரிஜெக்ட். அறக்கட்டளைக்கு போன் செய்து கேட்டோம். ஒரு மேடம் மரியாதையாகத்தான் பேசினார். “நாங்க எப்பவும் ரவுண்ட் பண்றதில்ல தம்பி.” எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். எழுதவில்லை, எப்போதும் அப்படித்தான் என்றார். ரீவேல்யூவேஷன் போட்டிருக்கிறோம், ரிசல்ட் வரும்வரை பொறுக்க முடியுமா என்றால், கடைசித் தேதி தாண்டிவிடும் என்றார்.

இந்த இடத்தில் புத்திசாலிகள் வந்து ஒரு யோசனை சொல்வார்கள். சுலபத்தையும் கடினத்தையும் இரண்டு செமஸ்டருக்கும் சமமாகப் பரப்பி எடுத்திருக்க வேண்டும், அதுதான் டெக்னிக் என்பார்கள். இரண்டு விஷயம். முதலாவது, எங்கள் பிள்ளைகளுக்குப் பரப்புவதற்கு ஒன்றுமே இல்லை. இணைப்புக் கல்லூரியில் முதல் வருஷம் எந்தப் பேப்பர் எந்த செமஸ்டரில் என்பது அச்சடித்து வருகிறது. வேலூர் வி.ஐ.டி. மாதிரி இடங்களில் பாடம், நேரம், ஆசிரியர் எல்லாம் மாணவர் தேர்ந்தெடுக்கலாம். அங்கே இந்த யோசனைக்கு ஓர் அர்த்தம் உண்டு. தேர்வு செய்யும் வசதி உள்ள இடத்துக்காக யோசித்த நிபந்தனையை, தேர்வே இல்லாத இடத்தில் கொண்டுவந்து ஒட்டுகிறார்கள்.

இரண்டாவதுதான் முக்கியம். இரண்டு செமஸ்டரையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள் என்றால், பரப்புவதால் கூட்டுத்தொகை ஒரு புள்ளிகூட மாறாது. நாலு கிரெடிட் கணக்கில் ஆறு எடுத்தால் 24தான். அதை டிசம்பரில் எழுதினாலும் மே மாதம் எழுதினாலும் 24தான். பரப்புவதால் படிக்க நேரம் கொஞ்சம் கிடைக்கும், ஆறு ஏழாகலாம், அந்த அளவுக்குத்தான் பயன். சராசரியை நிஜமாகவே தூக்குகிற வழி வேறு: கடினமான பேப்பரை எடுக்காமலே விடுவது, அல்லது சரிபார்க்கும் தேதிக்கு அப்புறம் தள்ளுவது. பரப்புவது என்று வாயில் சொன்னாலும் பிள்ளைகள் கடைசியில் கற்றுக்கொள்வது இதைத்தான்.

தள்ளுவது இங்கே எப்படி நடக்கிறது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். அண்ணா பல்கலைக்கழக விதிப்படி, ஃபெயிலான பேப்பர் சராசரிக் கணக்கில் சேராது. மேலே புள்ளியும் சேராது, கீழே கிரெடிட்டும் சேராது. பாஸ் செய்யும்போதுதான் உள்ளே வரும். இப்போது அந்தப் பெண்ணின் மார்க் ஷீட்டை எடுங்கள். இரண்டாவது செமஸ்டர் கணக்கில் ஆறு எடுத்துப் பாஸ் செய்ததற்குப் பதில் அவள் ஃபெயிலாகியிருந்தால்? 337இலிருந்து 24 போய் 313. 45இலிருந்து 4 போய் 41. வகுத்தால் 7.63. கணக்கில் தோற்றிருந்தால் அவளுடைய சராசரி ஏழரையைத் தாண்டியிருக்கும்! இந்த அறக்கட்டளை “அரியர் கூடாது” என்று போட்டிருந்ததால் அந்த வழி அடைபட்டது. அந்த வரி இல்லாத ஃபார்ம்களும் உண்டு. அப்படி ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு பையன், “மேத்ஸ போட்டுட்றேன்ணா, அடுத்த செம்ல எழுதிக்கிறேன்” என்று என்னிடம் சொல்லியிருக்கிறான். போட்டுவிடுவது என்றால் வேண்டுமென்றே விடுவது. நான் திட்டினேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவன் சொன்னது சரி.

இது ஓசூர் பிள்ளைகளின் குறுக்குப் புத்தி இல்லை. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம் 1993இல் லாட்டரிப் பணத்தில் ஹோப் என்ற ஸ்காலர்ஷிப்பை ஆரம்பித்தது. தக்கவைக்க, நாலுக்கு மூன்று சராசரி வேண்டும். கார்ன்வெல், லீ, மஸ்டர்ட் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் 2005இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் உள்மாநில மாணவர்களுக்கு அந்த உதவி உண்டு, வெளிமாநிலத்தவருக்குக் கிடையாது. இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டார்கள். உதவி பெறக்கூடியவர்கள் முழுப் பாடச்சுமை எடுப்பதைக் குறைத்துக்கொண்டார்கள், நடுவில் பாடத்தை விட்டு விலகுவது கூடியது, பாடங்களைக் கோடை வகுப்புக்குத் தள்ளினார்கள். சோம்பேறிகள் என்பதால் இல்லை. விதி எதற்குப் பணம் கொடுத்ததோ அதைச் செய்தார்கள். பல மாநிலங்களின் இத்தகைய திட்டங்களைச் சேர்த்துப் பார்த்த ஷோக்விஸ்ட், விண்டர்ஸ் என்ற இருவர், அறிவியல், பொறியியல் பாடங்களில் பட்டம் பெறுவோர் குறைவதைக் கண்டார்கள்.

ஜார்ஜியா ஒரு காரியம் செய்தது, அதற்காக அவர்களை மெச்ச வேண்டும். 2016இல் சட்டம் போட்டு, 2017 இலையுதிர் பருவத்திலிருந்து, குறிப்பிட்ட சில கடினமான அறிவியல், கணிதப் பாடங்களில் பி, சி, டி கிரேடு வாங்கினால் ஸ்காலர்ஷிப் கணக்குக்கு மட்டும் அரைப் புள்ளி கூட்டிக்கொள்ள விட்டது. ஏ வாங்கியவருக்குக் கூட்டல் கிடையாது. மார்க் ஷீட் மாறாது, தக்கவைக்கும் கணக்கு மட்டும் மாறும். அதே மாதிரி இந்தப் பெண்ணின் ஆறுகளில் அரையைக் கூட்டிப் பாருங்கள். இரண்டு செமஸ்டர் கணக்கு மட்டும் எட்டு கிரெடிட். நாலு புள்ளி கூடும். 341. நிம்மதியாகத் தாண்டுவாள்.

ஆனாலும் எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. எது கடினம் என்று யார் சொல்வது? எங்கள் ஊர் எல்லை ஊர். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசுவார்கள். தமிழர் மரபு சுலபம் என்று நான் மேலே எழுதினேனே, பாகலூர் பக்கத்துத் தெலுங்குப் பையன் ஒருவன் அதற்குப் பயந்துகொண்டு வருவான். பெங்களூரில் ஆங்கிலப் பள்ளியில் படித்துவிட்டு இங்கே வந்து சேர்ந்த பிள்ளைக்கு மூன்று கிரெடிட் ஆங்கிலம் தூக்கத்தில் வரும். தேன்கனிக்கோட்டைத் தமிழ்வழிப் பிள்ளைக்கு அதுவே கால்குலஸ். கடினத்துக்குப் பட்டியல் போட்டால் அந்தப் பட்டியல் யாருடைய கடினம் என்ற சண்டை வரும்.

அதனால்தான் சொல்கிறேன், சராசரியையே விட்டுவிடுங்கள். ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி ஸ்காலர்ஷிப் பெண்களுக்கு வருஷம் 50,000 தருகிறது. புதுப்பிக்க, அடுத்த வருஷத்துக்குத் தேறியிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. மத்திய அரசின் கல்லூரி உதவித்தொகை இளநிலையின் முதல் மூன்று வருஷம் 12,000 தருகிறது. 50 சதவீத மதிப்பெண், 75 சதவீத வருகை இருந்தால் போதும். இது அரசாங்கத்தின் பணம். நிபந்தனை மனிதத்தன்மையோடு இருக்கிறது. தனியாருக்குத்தான் ஏழரையும் எட்டும் தேவைப்படுகிறது. முடித்த கிரெடிட்டை எண்ணுங்கள். அந்தப் பெண் 45க்கு 45 முடித்தாள். அதைவிட என்ன ஒழுங்கு வேண்டும்?

“தகுதி வேண்டாமா?” என்பார்கள். தகுதியைச் சேர்க்கும்போதே பார்த்தாயிற்றே. பன்னிரண்டாம் வகுப்பு மார்க், வருமானச் சான்று, நேர்காணல் எல்லாம் முடித்துத்தான் கொடுத்தார்கள். இடையில் பிடுங்குவதற்கும் தகுதிக்கும் என்ன சம்பந்தம்? பணம் நின்ற அந்த ஆகஸ்டில் அவள் அப்பா குடில் முதலாளியிடம் முன்பணம் வாங்கினார். அவள் சனி ஞாயிறு ஒரு பேக்கிங் யூனிட்டுக்குப் போக ஆரம்பித்தாள். வாரம் இரண்டு நாள் நின்றுகொண்டே வேலை பார்க்கிற பிள்ளையின் மூன்றாவது செமஸ்டர் கணக்கு என்னவாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சராசரி குறைந்ததால் பணம் போய், பணம் போனதால் சராசரி குறைகிறது.

சராசரிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், குறைந்தபட்சம் ஒரு டிராயிங் போலவாவது எழுதுங்கள். எந்த இரண்டு செமஸ்டர், கிரெடிட் எடையோடா இல்லையா, எத்தனை தசமம், எவ்வளவு டாலரன்ஸ், ரீவேல்யூவேஷனுக்கு எத்தனை நாள் காத்திருப்பீர்கள். ஐந்து வரி. முதல் செமஸ்டர் முடிந்ததும் ஒரு கடிதம் போடுங்கள், இவ்வளவு சேர்த்திருக்கிறாய், இன்னும் இவ்வளவு வேண்டும் என்று. எங்கள் கம்பெனியில் ஒரு சப்ளையரை நிறுத்துவதற்கு முன்னால்கூட எச்சரிக்கைக் கடிதம் போகும்.

இப்போது அவள் மூன்றாம் வருஷம். அறக்கட்டளை, மொத்தச் சராசரி 7.5க்கு மேல் வந்தால் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. எலக்டிவ் தேர்ந்தெடுக்கும் நேரம் வந்தது. முதல்முறையாகக் கையில் தேர்வு. மின்சார வாகனம் பற்றிய பேப்பர் ஒன்று பட்டியலில் இருந்தது. ஓசூரில் டி.வி.எஸ்., அசோக் லேலண்டு, போச்சம்பள்ளியில் ஓலா என்று வண்டி செய்கிற ஊருக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறோம். அதைப் படித்தால் நேர்காணலில் பேசலாம் என்று எனக்குத் தோன்றியது. மோட்டார், பேட்டரி, கன்ட்ரோல் என்று கணக்கு நிறைய இருக்கும். பக்கத்திலேயே தியரி மட்டும் உள்ள ஒரு மேனேஜ்மென்ட் பேப்பர். இரண்டும் 3 கிரெடிட்.

அவள் பட்டியலை என் மேஜை மேல் வைத்தாள். “அண்ணா, எது கஷ்டம்னு மட்டும் சொல்லுங்க. அத விட்டுட்றேன்.”

நான் கால்குலேட்டரை எடுத்தேன். இதுவரை முடித்த கிரெடிட், சேர்த்த புள்ளி, மீதி தேவை. மேனேஜ்மென்ட்டில் 9 வந்தால் 27. மின்சார வாகனத்தில் 6 வந்தால் 18. வித்தியாசம் ஒன்பது. அவளுக்கு ஏழு தேவைப்பட்டது. மேனேஜ்மென்ட்டில் டிக் போட்டுக் கொடுத்தேன்.